தை, மாசியிலும் தொழுவத்துக்குப் புல்: ஒரு வருடக் கணக்கு



மாடும் ஆடும் சேர்த்து வளர்க்கிற வீட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை புல் தட்டுப்படுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருடம் முழுவதும் கிடைக்கிற புல்லைக் கூட்டிப் பார்த்தால் போதுமானதாகவே இருக்கும். ஆனால் ஜூனில் மிஞ்சுகிற பச்சைப்புல் பெப்ரவரி வரை காத்திருக்காது. ஆகவே கணக்கை வருடத்துக்கு மொத்தமாகப் போடாமல் மாதம் மாதமாகப் போட வேண்டும்.

முதலில், வழக்கமாகத் தலையில் தூக்கி வருகிற புல்லுக்கட்டை ஒரு தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கட்டு 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாடு தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் தின்னும். உதாரணத்துக்கு, ஹட்டன் பக்கத்து லயமொன்றில் 400 கிலோ எடையுள்ள கறவைப் பசு ஒன்று, ஒரு வயதுக் காளைக்கன்று ஒன்று, ஆடு மூன்று இருக்கின்றன. பசுவுக்கு 40 கிலோ, கன்றுக்கு 16, ஆடுகளுக்குத் தலைக்கு 4 வீதம் 12. மொத்தம் 68 கிலோ. மிதிபட்டு வீணாவதையும் சேர்த்தால் 75. அதாவது நாளைக்கு 3 கட்டு, மாதத்துக்கு 90 கட்டு.

காலண்டரில் தினமும் எத்தனை கட்டு வந்தது என்று கோடு போட்டு வாருங்கள். வெயில் காலத்தில் இந்த வீட்டுக்கு நாளைக்கு ஒரு கட்டுத்தான் கிடைக்கிறது என்றால், மூன்று மாதத் தேவையான 270 கட்டில் 90தான் வந்து சேரும். பற்றாக்குறை 180. இதைத்தான் மழைக்காலத்திலேயே தேட வேண்டும்.

முதல் வழி, நிற்கிற புல். குவாத்தமாலாப் புல்லை ஒக்டோபர் கடைசியில் அறுத்துவிட்டு, பிறகு ஜனவரி வரை கை வைக்காமல் விடுங்கள். ஒரு சதுர மீற்றரை அறுத்து நிறுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியும். 5 கிலோ வந்தால் ஒரு பேர்ச்சில் 5 கட்டு, 10 பேர்ச்சில் 50 கட்டு. தண்டு முற்றியிருக்கும், நறுக்கித்தான் போட வேண்டும். நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும். பள்ளத்தில் உள்ள புல் ஒரே இரவில் கருகிவிடும். ஆகவே ஒதுக்குகிற துண்டு சரிவின் மேல்பக்கமாக இருக்கட்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் நிற்கிற குவாத்தமாலா, மண்ணைத் தேற்றி மறுநடுகைக்குத் தயாராக்க வளர்ப்பது. அதை அறுத்து அங்கேயே மண்ணில் பரப்புவார்கள், அனுமதி கேட்காமல் அதில் கத்தி வைக்கக் கூடாது. மருந்தடித்த மலையில் புல் அறுக்கவே வேண்டாம். எந்த மலையில் அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வைக்கோல். நம் வீடுகளில் பலர் தவறவிடுவது இதைத்தான். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில்தான் வரும். அதற்குள் நமக்குப் பாதி வெயில் காலம் போய்விடும். வலப்பனை, ஹங்குராங்கெத்த பக்கத்து வயல்களில் சிறுபோக வைக்கோல் கிடைக்கும்போதே, செப்டெம்பரில் வாங்கி மழை படாமல் அடுக்கி வையுங்கள். பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதனால் 6 கிலோ உலர்ந்த வைக்கோல் ஒரு கட்டுப் புல்லின் வயிற்றை நிரப்பும். 240 கிலோ வாங்கினால் 40 கட்டுக்குச் சமம். ஆனால் வயிறு நிரம்புவது வேறு, பால் சுரப்பது வேறு. வைக்கோலை மட்டும் தின்றால் பசு பாலைக் குறைத்துவிடும். பச்சையும் இலைதழையும் கலந்துதான் கொடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போடவே வேண்டாம்.

ஆடுகளுக்கு முள்முருங்கை போன்ற மரங்களின் தழை 20 கட்டுக்கு ஈடாகும். மிஞ்சும் புல்லை மழை விட்ட நாளில் அரை நாள் வாடவிட்டு, ஓர் அங்குலமாக நறுக்கி, பிளாஸ்டிக் பீப்பாயில் மிதித்து அடைத்துக் காற்றுப் புகாமல் மூடினால் ஊறல்புல்லாகும். ஆறு வாரம் கழித்துத் திறக்கலாம். புளித்த வாசமும் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இருந்தால் நல்லது. கறுத்துக் கொழகொழவென்று நாறினால் குப்பைக்குத்தான். 200 லீற்றர் பீப்பாய் ஒன்றில் 100 கிலோ, அதாவது 4 கட்டுத்தான் அடங்கும். ஐந்து பீப்பாய் அடைத்தாலும் 20 கட்டுத்தான். பாடுபடுகிற அளவுக்கு இது நிறையத் தருகிறது என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

50, 40, 20, 20 என்று கூட்டினால் 130. இன்னும் 50 கட்டுக் குறைகிறது. காளைக்கன்று அந்த மூன்று மாதத்தில் ஏறக்குறைய 63 கட்டுத் தின்னும். அதை டிசெம்பரில், உடம்பு நன்றாக இருக்கும்போதே விற்றால் கணக்கு நேராகி, 13 கட்டு மிஞ்சும். பெப்ரவரி வரை வைத்திருந்தால் கன்றும் மெலியும், பசுவின் பங்கும் குறையும்.

ஜனவரி 31ஆம் திகதி கையிருப்பை எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன வீட்டில் கன்று போனபின் நாளைக்கு 57, 58 கிலோ வேண்டும். ஒரு கட்டு வெளியில் கிடைத்தால் மீதி 33 கிலோவைச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். மார்ச் முடிய இன்னும் 59 நாள் உண்டு. ஆகவே அன்று புல், வைக்கோல், தழை, ஊறல்புல் எல்லாம் சேர்ந்து 78 கட்டுக்கு ஈடாக இருக்க வேண்டும். 60தான் இருக்கிறதென்றால் இரண்டு ஆட்டையாவது அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.