வயிற்றுவலியை ஜெர்மன் மருத்துவரிடம் சொல்லும் முறை



ஜெர்மனியில் படிக்கும் தமிழ் மாணவருக்கு வயிறு வலித்தால், அவர் மருத்துவரிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் ‘கேஸ்ட்ரிக்’ என்பதாகவே இருக்கும். தமிழ் வழக்கில் வாயு, நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், உப்புசம் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்ட அச்சொல், அங்குள்ள மருத்துவருக்கு இரைப்பையை மட்டுமே சுட்டும். தவிரவும் அது வலியின் விவரம் அன்று, காரணத்தைப் பற்றிய ஊகம். ஊகத்தை முதலில் வைத்தால் கேள்விகளும் அதன் பின்னாலேயே போகக்கூடும்.

இடத்தைச் சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. தமிழில் ‘வயிறு’ என்பது விலா எலும்புக்குக் கீழுள்ள பகுதி முழுவதையும், உணவு சேரும் இரைப்பையையும் குறிக்க, ஜெர்மனில் முன்னது ‘பௌஹ்’, பின்னது ‘மாகன்’ எனப் பிரிந்து நிற்கும். ஆகவே உறுப்பின் பெயரைத் தேடுவதைவிட, வலி மிகுந்த இடத்தை ஒரு விரலாலும், அது பரவும் பரப்பை உள்ளங்கையாலும் காட்டுவதே பிழையற்ற வழி.

குடல்வால் அழற்சியை, அதாவது பெருங்குடலின் தொடக்கத்தில் வால்போல் தொங்கும் சிறு குழாய் வீங்கிச் சீழ்பிடிக்கும் நோயை, எடுத்துக்கொண்டால், இடத்தோடு காலவரிசையையும் சொல்வதன் மதிப்பு விளங்கும். அதில் வலி பல வேளைகளில் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, அங்கே ஓரிடத்தில் நிலைத்து, இருமினாலும் நடந்தாலும் கூடும். பசியின்மையும் குமட்டலும் உடன் வரும். “நேற்று இரவு பத்து மணிக்குத் தொப்புளருகே வலித்தது, இன்று காலை முதல் இங்கே வலிக்கிறது, இருமினால் அதிகமாகிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை” என்று எளிய சொற்களில் வரிசையாகச் சொல்பவர் மருத்துவருக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறார். எல்லோருக்கும் இந்த வரிசை அமைவதில்லை என்பதால், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டுமேயன்றி, படித்ததோடு பொருத்திச் சொல்லலாகாது.

வலியின் தன்மைக்கு மூன்று நான்கு சொற்களே போதும்: குத்துவது ‘ஷ்டெஹெண்ட்’, எரிவது ‘ப்ரென்னெண்ட்’, மந்தமானது ‘டும்ப்ஃப்’, விட்டுவிட்டு இழுத்துப் பிடிப்பது ‘க்ராம்ப்ஃப்ஆர்டிஷ்’. அளவைக் கேட்கும்போது 0 வலியின்மையையும் 10 கற்பனைக்கெட்டிய கடும் வலியையும் குறிக்கும். பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகக் கருதி 8-ஐ 4 என்று குறைத்துச் சொல்வது நம்மவரிடையே காணும் வீண் பழக்கம்.

‘உடம்பு சூடு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் காய்ச்சல் என்றே கொள்ளப்படும் என்பதால், வெப்பமானி காட்டிய எண்ணைச் சொல்வதே நன்று. அங்கு செல்சியஸ் அளவே வழங்குவதால், ஊரிலிருந்து கொண்டுபோன கருவி காட்டும் 101 என்பதை 38.3 என்று மாற்றிச் சொல்ல வேண்டும். வலி மாத்திரை போட்டிருந்தால் அதன் பெயரையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவரின் சிகிச்சையகம் மூடிய வேளையில் 116117 என்ற எண்ணையும், வயிறு பலகைபோல் இறுகி வலி தாங்க முடியாமற்போனால் தயங்காமல் 112-ஐயும் அழைக்க வேண்டும்.