பசி வரும் நேரத்துக்கு ஒரு பெயர்

லெந்து நாட்கள் ஆரணியில் வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில்தான் வருகின்றன. தறிக்குழிக்குள் காலை விட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து நெய்கிறவர்களுக்குப் புடவை முடிந்தால்தான் கூலி. உபவாச நாள் என்று தறியை நிறுத்திவைக்கப் பலரால் முடியாது. வேலையும் செய்துகொண்டு, வெறும் வயிற்றோடு பிறருக்காக மன்றாடவும் நினைக்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

யாருக்காக என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்யுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று பெயர் போதும். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று பொதுவாகத் தொடங்கும் ஜெபம் பசி வந்ததும் சிதறிவிடும். ஒரு முகம் கண்முன் இருந்தால் சிதறாது.

பசி வரும் நேரத்திலேயே ஜெபியுங்கள். பசி காலையிலிருந்து மாலைவரை ஒரே சீராக ஏறிக்கொண்டு போவதில்லை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் கிரெலின் என்ற ஹார்மோன் கூடிப் பசியைக் கிளப்புகிறது. சாப்பிடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் அது தானே தணிந்துவிடும். ஆகவே பசி எப்போது வரும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டரைக்கும், மதியம் ஒன்றரைக்கும், மாலை டீ நேரத்துக்கும் சாப்பிட்டுப் பழகிய ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். எட்டரைக்கு வயிறு கேட்கும்போது, முன்பணம் வாங்கி அடைக்க முடியாமல் தவிக்கும் பக்கத்துத் தறிக்காரரின் பெயர். மதியத்துக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாத்தனார். மாலைக்கு, தன்னோடு பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தன். இந்த மூன்றாவது பெயர்தான் கடினம், அதனால்தான் அதற்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும். எட்டரைக்குப் பசி எழுந்ததும் நாடாவை நிறுத்தி, காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, அந்தத் தறிக்காரருக்காக ஒரு மூச்சில் முடியும் அளவுக்கு வேண்டிக்கொள்ளலாம்: "கர்த்தாவே, எனக்கு இன்றைக்கு ஒருநாள் பசி. அந்த வீட்டில் நாளைக்கும் அரிசி இல்லை. அவருக்கு வேலை கொடும். கடன் அடைய வழி காட்டும்." இவ்வளவு போதும். பசி மறுபடி தட்டினால் அதே வார்த்தைகளை மறுபடி சொல்லுங்கள். புதிது புதிதாகத் தேட வேண்டாம். சோர்ந்த மூளைக்குப் பழகிய வார்த்தைதான் கைகொடுக்கும்.

தண்ணீர் குடியுங்கள். எஸ்தரும் அவள் ஜனமும் மூன்று நாள் தண்ணீரும் தொடாமல் இருந்தது, ஓர் இனமே அழியப்போன நேரத்தில். தறியில் வியர்வை ஊற்ற உட்கார்ந்திருப்பவருக்கு அது அளவுகோல் அல்ல. தானியேல் மூன்று வாரம் ருசியான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்கினான். உழைக்கிறவர்களுக்கு அந்த வழி நன்றாகப் பொருந்தும். கத்தோலிக்கர்களின் ஒருசந்தி விதியிலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு இடம் உண்டு. அதுவும் 18 வயது நிறைந்ததிலிருந்து 60-ஆம் வயது தொடங்கும்வரைதான் கட்டாயம்.

சாப்பிடாத சாப்பாட்டின் விலையைத் தனியே வையுங்கள். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பர்' என்ற நூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: அன்றைக்கு உண்ணாததன் விலையைக் கணக்கிட்டு, விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுக்க வேண்டும். சீட்டில் முதலாவதாக இருக்கும் வீட்டுக்கு அது அன்று சாயங்காலமே போய்ச் சேரட்டும்.

மயக்கம் வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். "தலை சுத்துது, என்னைப் பிடிங்க" என்பதே அப்போது சொல்ல வேண்டிய முதல் வார்த்தை. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு தறிக்குழியிலிருந்து சடாரென எழுந்துவிடாதீர்கள். தொங்கவிட்ட காலில் இரத்தம் தேங்கியிருக்கும். எழுந்ததும் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து கண் இருட்டும். பக்கவாட்டில் சாய்ந்து, தறி ஓரத்துத் தரையிலேயே மெல்லப் படுங்கள். காலை ஒரு தலையணைமேல் உயர்த்திவைக்கச் சொல்லுங்கள். தெளிந்ததும் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

படுத்தபடியே சீட்டில் இருக்கும் ஒரே ஒரு பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இவளை நினைத்தருளும்" என்றால் போதும். அதுவும் வரவில்லையா? "இயேசப்பா" என்ற ஒரு சொல் போதும். பிறகு உபவாசத்தை வாய்விட்டு முடித்துவிடுங்கள்: "ஆண்டவரே, இதுவரை பெலன் தந்தீர். இதற்குமேல் என் சரீரம் தாங்கவில்லை. இந்த உபவாசத்தை இதோடு உம்மிடம் ஒப்புவிக்கிறேன். நீர் தரும் ஆகாரத்தை நன்றியோடே சாப்பிடுகிறேன். என் சகோதரனை நீர் விட்டுவிடாதேயும்." வாய்விட்டு முடிக்காதவர்கள் கஞ்சி குடித்துவிட்டு இரவெல்லாம் மனம் உறுத்திக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப் பாதியில் முடிப்பதில் குற்றம் இல்லை. மூன்று நாள் தம்மோடு இருந்த ஜனங்களைப் பட்டினியாக அனுப்பினால் வழியில் சோர்ந்துபோவார்கள் என்றுதான் இயேசு அவர்களுக்கு அப்பம் கொடுத்தார். சவுல் போட்ட ஆணையால் போர்வீரர்கள் பசியில் தள்ளாடியபோது, யோனத்தான் கொஞ்சம் தேனை எடுத்துச் சாப்பிட்டான். அவன் கண் தெளிந்தது. வேதம் அங்கே குறை காண்பது யோனத்தானிடம் அல்ல.

செய்யக்கூடாதவை

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு உள்ளே போகாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டேயிருக்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், இவைதான் அடையாளம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்துவதும் தவறு. டாக்டரிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். 1853-ல் ஆற்காடு மிஷனை நிறுவிய ஸ்கடர் குடும்பத்தில் எத்தனையோ பேர் மருத்துவர்கள். இந்தப் பகுதிச் சபைகளுக்கு மருந்தும் ஜெபமும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக வந்தவைதான். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிட்டுவிட்டே மன்றாடலாம்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

உபவாசக் கூட்டத்தில் ஒருவர் சரிந்தால் அதற்கு ஆவிக்குரிய விளக்கம் தேடாதீர்கள். "பிசாசு தடுக்கிறான்", "அபிஷேகம் இறங்குது" என்று சுற்றி நின்று சத்தமாக ஜெபிக்கும் அந்த நிமிடங்களில் சர்க்கரை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் பார்க்கட்டும், மற்றவர்கள் காற்று வர விலகி நிற்கட்டும்.

பசியைப் பேரமாக்காதீர்கள். "மூன்று நாள் இருந்தேன், நீர் இதைச் செய்தே ஆகவேண்டும்" என்பது மன்றாட்டு ஆகாது.

வெறும் வயிற்றில் வறுத்ததும் காரமும் வேண்டாம். உப்புக் கஞ்சியும் துவையலும் முதலில். அரை மணி கழித்து மற்றது.

தறி வைத்து ஆள் நடத்துகிறவர்கள், தாங்கள் உபவாசம் இருக்கும் நாளில் வேலையாட்களை வருத்தாதீர்கள். ஏசாயா 58-ஆம் அதிகாரம் கண்டிப்பது இதைத்தான்: உபவாச நாளிலும் முழு வேலையையும் கறந்து வாங்கும் எஜமான்களை. நீங்கள் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தால், அன்றைக்குத் தறியிலிருந்து இறங்கும் புடவைக்கான கூலியைச் சனிக்கிழமைக்குத் தள்ளாமல், நீங்கள் கஞ்சி குடிக்க உட்காருவதற்கு முன்பே எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.