டிமரில் துடிக்கும் சரங்கள்: அக்கராயன் சோடனைக்காரத் தம்பிக்கு ஒரு கடிதம்



அக்கராயனிலோ ஸ்கந்தபுரத்திலோ ஒரு கோயில் திருவிழாவுக்கு லைற் சோடனை பிடித்தால், முதல் இரவே ஒருவர் வந்து கேட்பார்: "டிமரைக் குறைச்சால் ஏன் தம்பி லைற் துடிக்குது?" உடனே சரத்தை மாற்றுவார்கள். அதுவும் துடிக்கும். கிளிநொச்சிக் கடைக்குப் போய் வேறு கொம்பனிச் சரம் வாங்கி வருவார்கள். அதுவும் துடிக்கும். சரத்திலும் பிழை இல்லை, டிமரிலும் பிழை இல்லை. ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்படாத இரண்டு சாமான்களைச் சேர்த்துப் பூட்டியதுதான் பிழை. இது விளங்கினால், எந்தச் சரத்துக்கு எந்தக் கொன்ட்ரோலர் என்பதை நீரே கணக்குப் போட்டு முடிவெடுக்கலாம்.

டிமர் பிறந்தது இழை பல்புக்காக. கொழும்பில் வெசாக் தோரணங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்து முறை தெரிந்திருக்கும். செப்புத் தகடு அடித்த மர உருளை ஒன்று சுழலும், தகடு தொடும் இடத்தில் பல்பு வரிசைகள் எரியும், விலகினால் அணையும். அந்த அணைதலும் எரிதலும் கண்ணுக்கு இதமாக இருந்ததற்குக் காரணம் இழையின் சூடு. மின்சாரம் நின்ற பிறகும் இழை சட்டென்று ஆறாது. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது ஒரு செக்கனுக்கு 100 அரை அலைகள். அரை அலைக்கு நேரம் 10 மில்லிசெக்கன். அதற்கிடையில் மின்சாரம் வெட்டுப்பட்டாலும் சூடான இழை அதை மறைத்துவிடும். எல்.ஈ.டி.க்கு அந்தச் சூடு இல்லை. மின்னோட்டம் நின்ற கணமே அது அணைந்துவிடும்.

சுவரில் பூட்டும் சாதாரண டிமருக்குள் ட்ரையக் என்ற சிறிய சாமான் இருக்கிறது. ஒவ்வொரு அரை அலையின் தொடக்கத்திலும் அது மூடியிருக்கும். குமிழைத் திருப்பி வைத்த அளவுக்கு நேரம் கழித்துத் திறக்கும். எவ்வளவு பிந்தித் திறக்கிறதோ அவ்வளவுக்கு வெளிச்சம் குறையும். திறந்த பிறகு தானாகத் திறந்தபடி நிற்க, அதனூடாகக் குறைந்தபட்ச மின்னோட்டம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண ட்ரையக்குகளுக்கு இது பத்து, இருபது மில்லி அம்பியர் அளவில் வரும். 60 வாற்ஸ் இழை பல்பு ஒன்று 260 மில்லி அம்பியர் இழுப்பதால் டிமருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இனி சரத்தைப் பாரும். 230 வோல்ற்றில் நேராகச் செருகும் 100 எல்.ஈ.டி. வெள்ளைச் சரத்தில், ஐம்பது ஐம்பதாக இரண்டு தொடர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளும். ஒரு வெள்ளை எல்.ஈ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ற் வேண்டும், ஐம்பதுக்கு 150 வோல்ற். மின் அலை பூச்சியத்தில் இருந்து ஏறி 325 வோல்ற் உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. 150ஐத் தாண்டும் வரை சரத்தில் மின்னோட்டமே இல்லை. 10 மில்லிசெக்கனில் முதல் ஒன்றரையும் கடைசி ஒன்றரையும் வெறுமை. நடுவில் ஓடுவதும் ஒரு சில பத்து மில்லி அம்பியர்தான், அலை ஏறும்போதும் இறங்கும்போதும் அதுவும் குறைந்துவிடும். ட்ரையக் திறக்கிறது, பிடித்து நிற்கப் போதிய மின்னோட்டம் இல்லாமல் மூடிவிடுகிறது, சில வேளை மறுபடி திறக்கிறது. டிமர் தன் நேரத்தைக் கணக்கிடுவதும் அதே சரத்தினூடாக வரும் மின்சாரத்தை வைத்துத்தான். அதனால் ஒரு அரை அலையில் முந்தியும் அடுத்ததில் பிந்தியும் திறக்கும். இந்த ஒழுங்கீனத்தைத்தான் கண் துடிப்பாகக் காண்கிறது.

எல்லாத் துடிப்பும் ஒரே வகை இல்லை, பார்த்தே பிரித்தறியலாம். ஒழுங்கில்லாமல் மினுங்கி, டிமரைக் கூட்டும்போது குறைந்து, குறைக்கும்போது மோசமானால், அது மேலே சொன்ன ட்ரையக் நோய். அடப்டருடன் வரும் 12 வோல்ற் சரம், குறைத்தாலும் மங்காமல் நின்று, ஒரு கட்டத்தில் செக்கனுக்கு ஓரிரு தடவை எரிந்து எரிந்து அணைந்தால், துடிப்பது சரம் இல்லை, அடப்டர். உள்ளே போகும் வோல்ற்றேஜ் எப்படி இருந்தாலும் வெளியே 12ஐக் கொடுப்பதுதான் அடப்டரின் வேலை. டிமர் அலையை வெட்ட வெட்ட அது ஈடுகட்டிப் பார்க்கிறது, முடியாதபோது தன்னைத்தானே நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறது. இரைச்சலும் சூடும் கூடவே வரும். அப்படியே விட்டால் திருவிழா முடிவதற்குள் அடப்டர் போய்விடும்.

மூன்றாவது வகை, எட்டு விதமாக எரியும் பொத்தான் பெட்டி பூட்டிய சரம். அந்தச் சிறிய பெட்டியும் அலையை வெட்டித்தான் மெல்ல ஏறி இறங்கும் வெளிச்சத்தை உண்டாக்குகிறது, அலை எப்போது பூச்சியத்தைக் கடக்கிறது என்று பார்த்தே நேரம் வைக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு டிமரைப் பூட்டினால் பூச்சியம் எங்கே என்று பெட்டிக்குத் தெரியாமல் போகும். அதனால் கோலம் நடுவில் தாவும், அல்லது பெட்டி முதலாவது கோலத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். இந்தச் சரங்களை எந்த டிமரிலும் போடாமல் நேரே செருகும்.

இரவு எட்டு மணிக்குத் துடிப்பு வெளிப்பட்டு, கடையும் பூட்டியாயிற்று என்றால் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பெட்டி இல்லாத 230 வோல்ற் சரங்கள் நான்கு, ஒவ்வொன்றும் 5 வாற்ஸ், மொத்தம் 20. டிமரிலோ குறைந்தது 40 வாற்ஸ் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதே டிமர் வழியில் சரங்களுக்குச் சமாந்தரமாக 40 வாற்ஸ் இழை பல்பு ஒன்றைப் பூட்டினால் பாரம் 60 ஆகும், ட்ரையக் பிடித்து நிற்கும், பெரும்பாலும் துடிப்பு அடங்கும். பல்பைப் பந்தல் துணிக்கும் காய்ந்த ஓலைக்கும் எட்டாத, மழை படாத இடத்தில் வையும். இது அந்த இரவைக் கடப்பதற்கு மட்டும். சரம் மிகவும் மங்கும்போது துடிப்புத் திரும்பலாம். அடப்டர் நோய்க்கு இந்த வைத்தியம் பலிக்காது.

மின்விசிறி றெகுலேற்றரை டிமராகப் பாவிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடும். அது மோட்டருக்கு அளந்து செய்தது, எல்.ஈ.டி. சரத்தில் வெளிச்சத்தை ஒழுங்காகக் குறைக்காது.

நிலையான வழி, வெளிச்சத்தைக் குறைக்கும் இடத்தை மாற்றுவது. 230 வோல்ற் பக்கத்தை வெட்டாமல் முழுதாக விட்டு, பவர் சப்ளைக்குப் பின்னால், டி.சி. பக்கத்தில் கொன்ட்ரோலரைப் பூட்ட வேண்டும். அந்தக் கொன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். முறையில் இயங்கும். வோல்ற்றேஜைத் தொடாமல், மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். அங்கே பிடித்து நிற்க வேண்டிய ட்ரையக்கும் இல்லை, குறைந்தபட்சப் பாரமும் இல்லை.

ஒரு மண்டப முகப்பை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். 5 மீற்றர் ஸ்ட்ரிப் ரோல் நான்கு, மீற்றருக்கு 4.8 வாற்ஸ். மொத்தம் 96 வாற்ஸ். பவர் சப்ளைக்கு நாலில் ஒரு பங்கு மேலதிகம் வைத்தால் 120 வாற்ஸ். 12 வோல்ற்றில் இந்தச் சுமை 8 அம்பியர் இழுக்கும். சப்ளை 10 மீற்றர் தள்ளி இருந்து, 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால், போய் வரும் 20 மீற்றரில் கிட்டத்தட்ட 1.8 வோல்ற் இழப்பாகும். 12இல் அது ஏழில் ஒரு பங்கு. முகப்பு மங்கலாகவே எரியும். அதே வேலையை 24 வோல்ற் ஸ்ட்ரிப்பில் செய்தால் 4 அம்பியர் போதும், இழப்பும் 0.9 வோல்ற்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இந்த முகப்புக்கு வாங்க வேண்டியது 24 வோல்ற் ஸ்ட்ரிப், 24 வோல்ற் 5 அம்பியர் சப்ளை, 24 வோல்ற்றைத் தாங்கும் பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர் ஒன்று. மலிவான கொன்ட்ரோலரில் 8 அம்பியர் என்று எழுதியிருந்தால் பாதியளவு சுமையே வையும். நான்கு ரோலையும் ஒன்றின் வாலில் ஒன்றாகத் தொடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கொடும்.

மண்டபச் சுவரில் ஏற்கெனவே டிமர் இருக்கிறது, அதை வைத்தே குறைக்க வேண்டும் என்று உரிமையாளர் நின்றால், ட்ரையக் டிமருக்கென்றே செய்த எல்.ஈ.டி. ட்ரைவர் கேட்டு வாங்கும். டிமரில் எல்.ஈ.டி.க்கென்று தனியாக எழுதிய வாற்ஸையே நம்பும், இழை பல்புக்கு எழுதிய எண் இங்கே செல்லாது.

பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய எண் அதன் அதிர்வெண். சில நூறு ஹேர்ட்ஸில் இயங்கும் பெட்டியில் கண்ணுக்குப் பிழை தெரியாது. ஆனால் வீடியோக்காரரின் கமராவில் மாப்பிள்ளை பெண்ணின் முகத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும். துடிப்பின் உடல்நலத் தாக்கம் பற்றி ஐ.ஈ.ஈ.ஈ. 2015இல் வெளியிட்ட 1789 இலக்கப் பரிந்துரை, முழுதாக எரிந்து முழுதாக அணையும் விளக்குக்கு 1250 ஹேர்ட்ஸுக்கு மேல் ஆபத்துக் குறைவு என்றும், 3000க்கு மேல் பாதிப்புத் தெரியாது என்றும் வகுக்கிறது. அதே பரிந்துரைப்படி 100 ஹேர்ட்ஸில் வெளிச்சம் 8 வீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. 230 வோல்ற் மலிவுச் சரங்கள் டிமர் இல்லாமலே அந்த எல்லையைத் தாண்டுகின்றன.

சரம் துடிக்கிறதா என்று அறிய மீற்றர் வேண்டாம். இருட்டில் சரத்தின் ஒரு முனையைக் கையில் பிடித்து வேகமாக வீசிப் பாரும். வெளிச்சம் தொடர் கோடாக இழுபட்டால் நல்லது. புள்ளி புள்ளியாக உடைந்தால் அது துடிக்கும் சரம். அசையும் தேரிலும் சப்பறத்திலும் கட்டினால் பார்ப்பவர்கள் அந்தப் புள்ளிகளையே காண்பார்கள். வீசுவது 12 அல்லது 24 வோல்ற் சரமாக மட்டும் இருக்கட்டும். 230 வோல்ற் சரத்தின் ஒவ்வொரு காலிலும் மின்சாரம் ஏறக்கூடும், அதை ஃபோன் கமராவில் தூரத்தில் இருந்து பாரும். மழைக்கும் ஈர மணலுக்கும் நடுவில் அந்தச் சரத்தைக் கட்ட வேண்டி வந்தால், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால்தான் கட்ட வேண்டும்.

டிமரைக் குற்றம் சொல்லுமுன் அதைக் கழற்றிவிட்டுச் சரத்தை நேரே செருகிப் பாரும். அப்போதும் துடித்தால் மின்சாரத்தைப் பாரும். ஜெனரேற்றரில் ஓடும்போது மட்டும் துடித்தால் அதன் வேகம் சீராக இல்லை. ஒலிபெருக்கியோ தண்ணீர் மோட்டரோ போடும்போது ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் பிரகாசித்தால், நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. அந்த நேரம் மெயினை நிறுத்திவிட்டு முனைகளை இறுக்க வேண்டும், அதற்கு முன் ஒரு சரத்தையும் திரும்பப் போடக் கூடாது. புளியம்பொக்கணைப் பங்குனி உத்தரம், வற்றாப்பளை வைகாசி விசாகம் மாதிரிப் பெரிய பொங்கல்களுக்கு வேலை எடுக்கும் நாளில், முதல் நாள் பின்னேரமே பொங்கல் இரவில் ஓடப்போகும் ஜெனரேற்றரிலேயே எல்லாச் சரத்தையும் போட்டு, கொன்ட்ரோலரைக் கடைசிக் குறைவில் அரை மணித்தியாலம் விட்டுப் பாரும். சூடு ஏறிய பிறகுதான் பல கோளாறுகள் வெளியே வரும், அப்போது கிளிநொச்சிக் கடைகள் திறந்திருக்கும்.