பாபர் தலையில் ஒரு மூன்று

கேள்வி: முகலாயர் வரலாற்றைச் சொல்லும் ஒலித்தொடர் ஒன்று தயாரிக்கிறேன். வாசிக்க வந்திருப்பவர் புதியவர். குரல் அருமை, ஆனால் பெயர்களில் தடுக்குகிறார், கண்ட இடத்தில் மூச்சு வாங்குகிறார். ஸ்கிரிப்டில் எப்படிக் குறி போட்டுக் கொடுப்பது?

பதில்: உங்கள் தொடரில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்.

“1526-இல் பானிபட் போரில் இப்ராகிம் லோடியைத் தோற்கடித்து டில்லியைக் கைப்பற்றிய பாபர், நான்கே ஆண்டுகளில் ஆக்ராவில் இறந்தார்.”

முதல் வேலை, ஆண்டை எழுத்தில் எழுதுவது. கண்ணுக்கு நாலே இலக்கம். வாய்க்கோ ‘ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு’. மூச்சுக் கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது பெயர்கள். சமஸ்கிருத சுலோகங்களைத் தமிழில் அச்சிடும் புத்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போடுவார்கள்; எண் இல்லாவிட்டால் அது 1. அந்தக் கணக்கில் நமக்கு 1, 3 இரண்டே போதும். 1 என்றால் ‘பல்’லில் வரும் அழுத்தமான ப, 3 என்றால் ‘தம்பி’யில் வரும் அதிர்வுள்ள ப. மற்ற வல்லினங்களுக்கும் இதே கணக்கு. எல்லா எழுத்துக்கும் போடாதீர்கள்; தமிழ் நாக்கு தானாகப் போகும் வழி தவறாகிற இடத்தில் மட்டும் போதும். ‘பாபர்’ என்பதில் நடுவில் உள்ள ப தானாகவே அதிரும், முதல் எழுத்துக்குத்தான் 3 வேண்டும். ‘பானிபட்’டில் நேர்மாறு: நடு எழுத்து அதிரக் கூடாது, அதற்கு 1.

இனி மூச்சு. ஒரு கோடு என்றால் சிறு இடைவெளி, மூச்சு எடுக்கக் கூடாது. இரண்டு கோடு என்றால் மூச்சு.

“ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறில் / பானிப¹ட் போரில் இப்³ராகிம் லோடியைத் தோற்கடித்து // டில்லியைக் கைப்பற்றிய பா³பர், / நான்கே ஆண்டுகளில் ஆக்³ராவில் இறந்தார்.”

‘தோற்கடித்து’ போன்ற வினையெச்சத்துக்குப் பின் மூச்சு வாங்கினால் கேட்பவர் காத்திருப்பார், அடுத்த வினை வருகிறது என்று அவருக்குத் தெரியும். ‘கைப்பற்றிய’ என்ற பெயரெச்சத்துக்குப் பின் வாங்கினால் பாபர் தனியாக அறுந்து விழுவார். இலக்கணம் யோசிக்க நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு: சொல்லின் கடைசியில் வல்லினம் மிகுந்து ஒட்டிக்கொண்டிருந்தால் (‘லோடியைத்’, ‘டில்லியைக்’) அங்கே கோடு போடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் அந்த ஒற்றை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘த்’ அந்தரத்தில் தொங்கும்.

குறிகள் சரியா என்பதை டேக்கைக் கேட்டால் தெரியும். ஒவ்வொரு கோட்டிலும் குரல் இறங்கினால், அவர் கோட்டை முற்றுப்புள்ளியாகப் படிக்கிறார். ஒற்றைக் கோடுகளில் பாதியை எடுத்துவிடுங்கள். மூச்சு ‘ஹக்’கென்று மைக்கில் விழுந்தால் இரட்டைக் கோடு தாமதமாக வந்திருக்கிறது என்று பொருள், அதை ஒரு தொடர் முன்னே தள்ளுங்கள். எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தை வெட்டலாம், ஆனால் மூச்சு முட்டிப் படித்த கடைசி இரண்டு சொற்களின் இறுக்கம் வெட்டுப்படாது.