மக்தப் போகும் பிள்ளைகள் பசியாறுவதில்லையா?
மாணவர்களின் பதில்களை எண்ணி ஆய்வறிக்கை எழுதும் முறை

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக நம் பிள்ளைகளில் சிலர் பள்ளியிலேயே சிறிய ஆய்வு செய்கிறார்கள். பி.எட். படிக்கும் நம் சகோதரிகளும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. வினாநிரல் எனப்படும் கேள்விப் படிவத்தைத் தயாரித்து, மாணவர்களிடம் கொடுத்து, நிரப்பி வாங்குவதுவரை பெரும்பாலும் சரியாகவே நடந்துவிடும். வந்த பதில்களை எண்ணி, அந்த எண்களை வாக்கியமாக்கும் இடத்தில்தான் சறுக்கல். அதை ஓர் எடுத்துக்காட்டை வைத்தே பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளங்குவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. எந்தப் பள்ளியின் கணக்கும் அல்ல.

ஒரு பள்ளியில் 8, 9 ஆகிய இரு வகுப்புகளிலும் சேர்த்து 60 மாணவர்கள். காலையில் பசியாறாமல் பள்ளிக்கு வருவது பற்றி ஆய்வு. மூன்றே கேள்விகள். இன்று காலை பசியாறிவிட்டு வந்தீர்களா? இன்று காலை மக்தபுக்கு ஓதப் போனீர்களா? நேற்றிரவு 11 மணிக்கு முன்பு தூங்கினீர்களா, பின்பா? "வழக்கமாக" என்று கேட்காமல் "இன்று", "நேற்று" என்று கேட்டிருப்பது நல்லது. வழக்கத்தைக் கேட்டால் பிள்ளைகள் வீட்டுக்கு நல்ல பெயர் வரும்படி எழுதுவார்கள். ஆனால் ஒரே நாளைப் பற்றிக் கேட்பதால் அந்த நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்கள், வியாழன் என்றால் சில பிள்ளைகள் சுன்னத்தான நோன்பில் இருக்கலாம். அவர்களும் "பசியாறவில்லை" என்ற கணக்கில் விழுந்துவிடுவார்கள்.

படிவங்கள் வந்ததும் முதல் வேலை, ஒவ்வொன்றின் மூலையிலும் 1, 2, 3 என்று எண் இடுவது. பிறகு கட்டம் போட்ட ஒரு தாளில் ஒரு மாணவருக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு பத்தி என்று பதில்களை ஏற்ற வேண்டும். எங்காவது கணக்கு இடித்தால் அந்த எண்ணுள்ள படிவத்தை எடுத்துச் சரிபார்க்க இது உதவும். பதில் எழுதாமல் விட்ட இடத்தைக் காலியாகவே விட வேண்டும். அதை "இல்லை" என்று ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. நம் எடுத்துக்காட்டில் கொடுத்த படிவம் 60, திரும்பி வந்தது 52. அதில் 4 பேர் ஏதோ ஒரு கேள்வியை விட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் பதில் தந்தவர்கள் 48 பேர். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 48 பேரைப் பற்றியதே.

எண்ணிப் பார்த்ததில் 16 பேர் பசியாறாமல் வந்திருக்கிறார்கள். அவர்களில் 12 பேர் அன்று மக்தபுக்குப் போனவர்கள். உடனே அறிக்கையில் இப்படி ஒரு வரி வந்துவிடும்: "பசியாறாமல் வரும் மாணவர்களில் 75 சதவீதத்தினர் மக்தப் செல்பவர்கள். எனவே காலை ஓதுதலே இதற்குக் காரணம்." 75 என்ற கணக்கில் பிழையில்லை. முடிவுதான் தவறு. இந்த வரியைப் படிக்கும் ஒரு தகப்பனார் பிள்ளையை ஓத அனுப்புவதையே நிறுத்திவிடலாம். ஜமாஅத்தில் மக்தப் நேரத்தை மாற்றச் சொல்லிப் பேச்சும் எழலாம்.

எங்கே தவறியது? 48 பேரில் மக்தபுக்குப் போனவர்கள் 36 பேர், போகாதவர்கள் 12 பேர். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஓதப் போகிறவர்களாக இருக்கும்போது, பசியாறாதவர்களிலும் முக்கால்வாசிப் பேர் அவர்களாகத்தான் இருப்பார்கள். காலில் செருப்பு போட்டவர்களை எண்ணினாலும் முக்கால்வாசி அவர்களே வருவார்கள். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ஓதப் போன 36 பேரில் எத்தனை பேர் பசியாறவில்லை? 12 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. போகாத 12 பேரில்? 4 பேர். அதுவும் மூன்றில் ஒரு பங்குதான். இந்த மாணவர்களிடையே ஓதப் போவதற்கும் பசியாறாமல் வருவதற்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்பதே இங்கு கிடைக்கும் முடிவு.

சதவீதம் எழுதும்போதெல்லாம் "எத்தனை பேரில்?" என்று கேட்டுக்கொண்டால் இந்தப் பிழை பிடிபட்டுவிடும். எந்தப் பிரிவு காரணமாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறோமோ, அந்தப் பிரிவின் மொத்த எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும்.

இதே முறையில் தூக்கத்தைப் பார்ப்போம். 11 மணிக்குப் பின் தூங்கியவர்கள் 20 பேர். அவர்களில் 12 பேர் பசியாறவில்லை. முன்பே தூங்கியவர்கள் 28 பேர். அவர்களில் 4 பேர்தான். 60 சதவீதத்துக்கும் 14 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடு இது. இங்கே தொடர்பு தெரிகிறது. அப்படியிருந்தும் "தாமதமாகத் தூங்குவதால் பசியாறுவதில்லை" என்று எழுத இது போதாது. உம்மா இரவு வேலைக்குப் போகும் வீடாக இருக்கலாம். அங்கே பிள்ளை தூங்கவும் நேரமாகும், காலையில் சமைக்க ஆளும் இருக்காது. இரண்டுக்கும் மூன்றாவது ஒன்று காரணமாக இருப்பதைப் படிவம் காட்டாது. "தாமதமாகத் தூங்கியவர்களிடையே பசியாறாதவர்கள் அதிகம்" என்பதுவரை சொல்லலாம். பிறகு நான்கைந்து பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம்.

விட்டுப்போன 12 பேரையும் மறந்துவிடக் கூடாது. படிவம் தராதவர்கள் அன்று பள்ளிக்கே தாமதமாக வந்தவர்களாக இருந்தால்? அந்த 12 பேரும் பசியாறியவர்கள் என்று வைத்தால் 60 பேரில் 16, அதாவது சுமார் 27 சதவீதம். ஒருவரும் பசியாறவில்லை என்று வைத்தால் 60 பேரில் 28, சுமார் 47 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இதை எழுதினால் ஆய்வு பலவீனமாகத் தெரியும் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். நம் பார்வையில், இதை எழுதாத அறிக்கைதான் பலவீனமானது.

இன்னொன்று, சொல்லின் பொருள். தேநீரும் ஒரு பன்னும் சாப்பிட்டு வந்த பிள்ளை "பசியாறினேன்" என்று எழுதுமா, "இல்லை" என்று எழுதுமா? ஒரு வீட்டில் அதுவே பசியாறல், இன்னொரு வீட்டில் அது கணக்கிலேயே வராது. படிவம் கொடுக்கும் முன்பே ஐந்தாறு பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். தெரியாமல் போய்விட்டதென்றால், கேள்வி எப்படி இருந்ததோ அப்படியே அறிக்கையில் அச்சிட்டு, இந்தக் குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும்.

அறிக்கையின் 'கண்டறிந்தவை' பகுதி இப்படி அமையலாம்:

"60 மாணவர்களுக்குப் படிவம் தரப்பட்டது. 48 பேர் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தந்தனர். அவர்களில் 16 பேர் அன்று காலை பசியாறாமல் வந்திருந்தனர். மக்தபுக்குப் போன 36 பேரில் 12 பேரும், போகாத 12 பேரில் 4 பேரும் பசியாறவில்லை. இரு பிரிவுகளிலும் விகிதம் ஒன்றே. 11 மணிக்குப் பின் தூங்கிய 20 பேரில் 12 பேரும், முன்பு தூங்கிய 28 பேரில் 4 பேரும் பசியாறவில்லை. இது ஒரே நாளில் ஒரு பள்ளியின் இரு வகுப்புகளில் எடுத்த கணக்கு."

சதவீதத்தைவிட ஆட்களின் எண்ணிக்கையே இதில் முன்னால் நிற்கிறது. 12 பேர் உள்ள பிரிவில் ஒரே ஒரு பிள்ளை பதிலை மாற்றினால் சதவீதம் எட்டுப் புள்ளி நகர்ந்துவிடும். அங்கே போய் 33.33 என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போடுவது வெறும் அலங்காரம்.

பிரித்துப் பிரித்து எண்ணிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒருவர் இருவர் மட்டுமே மிஞ்சுவார்கள். "9ஆம் வகுப்பில் ஓதப் போகாத பெண் பிள்ளை ஒருவர் பசியாறவில்லை" என்று அச்சானால், அது யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அத்தகைய பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். படிவத்தில் பெயர் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் எழுதித் தந்தது நம் கையில் உள்ள அமானிதம். அறிக்கை ஒப்படைத்து, மதிப்பீடும் முடிந்தபின் படிவங்களைக் கிழித்துவிடலாம், எண் ஏற்றிய கட்டத்தாளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.