ஒரு பூஜ்யத்தில் திரும்பிவந்த சரக்கு

காடாம்புலியூரில் முந்திரிக்கும் பலாவுக்கும் திரவ பாஸ்போபாக்டீரியா தயாரிக்கிறேன். எங்கள் செம்மண்ணில் போடுகிற மணிச்சத்தில் பெரும்பகுதி இரும்போடு பிணைந்து, பயிருக்கு எட்டாமல் கிடக்கும். அதைக் கரைத்துக் கொடுப்பதுதான் இந்த பாக்டீரியாவின் வேலை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, திரவத்தில் மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் வேண்டும். போன பருவத்தில் ஒரு சோதனைக்கூடம் என் சரக்கில் 4.2 கோடிதான் என்று எழுதிக் கொடுக்க, வாங்க இருந்தவர் மொத்தத்தையும் திருப்பிவிட்டார்.

சரக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் போட்ட கணக்குதான் தப்பு.

வேலை முறை உங்களுக்கும் தெரிந்ததே. 1 மில்லி மாதிரியை 9 மில்லி கிருமி நீக்கிய உப்புநீரில் கலக்க வேண்டும். அதிலிருந்து 1 மில்லி அடுத்த குழாய்க்கு. ஆறாவது குழாயில் மாதிரி 10 லட்சம் மடங்கு நீர்த்திருக்கும். அதில் 0.1 மில்லியை பிகோவ்ஸ்கயா அகாரில் பரப்பி, காலனிகளைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும்வரை வைக்க வேண்டும்.

அறிக்கையில் இறுதி எண் மட்டுமே இருந்தது. வற்புறுத்திக் கேட்டபின் நோட்டைக் காட்டினார்கள். ஆறாவது குழாயின் மூன்று தட்டுகளில் 39, 45, 42 காலனிகள். சராசரி 42. அதை 10 லட்சத்தால் பெருக்கி நிறுத்திவிட்டார்கள். தட்டில் பரப்பியது 1 மில்லி அல்ல, 0.1 மில்லி. இன்னொரு 10-ஆல் பெருக்கினால் 42 கோடி.

ஆகவே அறிக்கை வாங்கும்போது காலனி எண்ணிக்கை, எத்தனையாவது குழாய், பரப்பிய அளவு மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இவை இல்லாத எண்ணை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பக்கத்துக் குழாய்களின் தட்டுகளையும் கேளுங்கள். ஆறில் 42 என்றால் ஐந்தில் 400-ஐ ஒட்டி நெருக்கியடித்து வளர்ந்திருக்கும், ஏழில் நாலைந்துதான் இருக்கும். 30-க்கும் 300-க்கும் இடைப்பட்ட தட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் ஏழில் 20 வந்திருந்தால் ஒரே பிப்பெட் முனையை எல்லாக் குழாய்க்கும் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். முனையில் ஒட்டிய கெட்டியான மாதிரி கீழ்க்குழாய் வரை கூடவே போய், எண்ணிக்கையைக் கூட்டிவிடும். குழாய்க்குக் குழாய் முனை மாற்றுவதைச் செலவென்று பார்க்கக் கூடாது.

குலுக்காமல் எடுத்தால் இதற்கு நேர்மாறாக, எண்ணிக்கை குறையும். பேசில்லஸ் சங்கிலியாக ஒட்டிக்கொண்டு வளரும்; பத்து செல் சேர்ந்த சங்கிலியும் தட்டில் ஒரே காலனிதான். அதனால் ஒவ்வொரு குழாயையும் நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்ததற்கு எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஒவ்வொரு சரக்கையும் அனுப்புமுன் நானே தட்டுப் போட்டு, அந்த மூன்று எண்களையும் பட்டியலோடு சேர்த்தே அனுப்புகிறேன். மறுப்பவர் தன் மூன்று எண்களைக் காட்டி மறுக்கட்டும்.