கட்டி ஷாம்பூவும் போர் தண்ணீரும்

பிளாஸ்டிக் பாட்டிலை விட்டுவிட்டு ஷாம்பூக் கட்டிக்கு மாறியவர்கள் சொல்வதைக் கேட்டால் இரண்டு கட்சிகள் தெரியும். முடி இத்தனை மிருதுவாக என்றுமே இருந்ததில்லை என்பது ஒன்று. தலையில் மெழுகு பூசியதுபோலப் பிசுபிசுக்கிறது, சீப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டுகிறது என்பது மற்றது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் முடிவு. ஒரே பெயரில், ஒரே மாதிரி காகித உறையில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்று எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் செய்யும் சோப்பு. மற்றது பாட்டில் ஷாம்பூவில் இருப்பது போன்ற நுரைப்பொருளைத் தண்ணீர் இல்லாமல் இறுக்கிச் செய்தது. இதை ‘சின்டெட்’ என்பார்கள். இவற்றில் எது கையில் இருக்கிறது, குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்ற இரண்டும் தெரிந்தால் தலைமுடி எப்படி இருக்கும் என்பதை வாங்குமுன்பே ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பசை உண்டாகிறது. பக்கெட்டின் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் படிகிறதே, அதேதான். இது எவ்வளவு சோப்பை விழுங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இடையில் 500 உள்ள ஒரு போர் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு லிட்டரில் இருக்கும் கால்சியம் முழுவதும் தீர ஏறக்குறைய 3 கிராம் சோப்பு தேவை. நுரையே அதற்குப் பிறகுதான் நிற்கும். தலையை அலச 10 லிட்டர் ஊற்றினால் 30 கிராம் சோப்பைப் பசையாக மாற்றும் அளவு கால்சியம் அதில் இருக்கிறது. அவ்வளவு சோப்பை யாரும் தேய்க்கப்போவதில்லை. ஆகவே தேய்த்த சோப்பில் முடியில் மிச்சமிருப்பது எல்லாம், அலசும்போதே பசையாகி அங்கேயே தங்குகிறது. இன்னொரு மக் ஊற்றினால் போய்விடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த மக்கிலும் அதே கால்சியம்தானே வருகிறது.

சின்டெட் கட்டியில் முதல் சரக்கு பெரும்பாலும் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்திலிருந்து வருவதுதான் இதுவும். ஆனால் கால்சியத்தோடு சேர்ந்தாலும் இது எளிதில் பசையாகத் திரண்டு படிவதில்லை. 1957இல் அமெரிக்காவில் வந்த டவ் கட்டி இந்த வகை நுரைப்பொருளை வைத்துச் செய்ததுதான் என்பதால், பொருள் ஒன்றும் புதிதல்ல. சோப்பின் பி.எச். 9, 10 என்ற அளவில் நின்று முடியின் மேல்செதில்களைத் தூக்கிவிடும். சின்டெட்டைத் தலைத்தோலுக்கு நெருக்கமான 5.5, 6 அளவில் செய்ய முடியும். உறையில் பார்க்க வேண்டியது பொருள்பட்டியலின் முதல் இரண்டு பெயர்கள். சோடியம் பால்மேட், சோடியம் ஆலிவேட், சோடியம் கோகோயேட், ‘சபானிஃபைடு’ எண்ணெய் என்றிருந்தால் அது சோப்பு. கோகோயேட், கோகோயில் ஐசெத்தியோனேட் இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் அவசரத்தில் ஏமாறலாம். பட்டியலே இல்லாமல் ‘இயற்கை’, ‘கையால் செய்தது’ என்று மட்டும் போட்டிருந்தால் நான் சோப்பு என்றே கொள்வேன். சந்தேகம் தீர, கட்டியிலிருந்து ஒரு சிட்டிகை சீவி, போர் தண்ணீர் ஒரு பாட்டிலிலும் ஆர்.ஓ. தண்ணீர் இன்னொன்றிலும் போட்டுக் குலுக்குங்கள். போர் தண்ணீரில் நுரை அடங்கி, திரிந்த பால் போலத் திப்பி மிதந்தால் சோப்பு. இரண்டிலும் நுரை நின்றால் சின்டெட்.

தலை பிசுபிசுக்கிறது என்ற புகாருக்குச் சோப்புக் கட்டி விற்பவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: முடி பழைய ரசாயனத்திலிருந்து விடுபடுகிறது, சில வாரம் பொறுங்கள் என்பார்கள். படிவது கால்சியப் பசை. வாரங்கள் போகப்போக அது கூடத்தான் செய்யும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரில் அலசலாம் என்ற யோசனைக்கு அடிப்படை உண்டு. அமிலம் அந்தப் பசையை உடைத்துக் கால்சியத்தைக் கரைக்கும். ஆனால் பிரிந்த கொழுப்பு முடியில்தான் இருக்கிறது, ஆகவே வறட்டுத்தனம் போய் எண்ணெய்ப் பிசுக்கு வரும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் தற்காலிகக் கடினம் மட்டுமே இறங்கும். அந்தக் காலத்தில் சோப்பு போட்டே தலை குளித்தார்களே என்பவர்கள், அன்று ஊற்றியது ஆற்றுத் தண்ணீரா, பல நூறு அடி ஆழத்தில் பாறையோடு கிடந்த தண்ணீரா என்பதையும் கேட்க வேண்டும். சீயக்காய் அப்படிப் பசை கட்டாது, அதன் நுரை சோப்பு வகையே அல்ல. பிளாஸ்டிக் இல்லாத தலைக்குளியல் நமக்குப் புதிதும் அல்ல. சின்டெட் ‘கெமிக்கல்’ ஆயிற்றே என்றால், காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பும் கிடையாது.

தண்ணீரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்த எல்லா உப்பையும் சேர்த்து. கடலோரத்தில் அந்த எண் ஏறுவதற்குச் சாதாரண உப்பே காரணமாக இருக்கலாம். கடினத்தை அறிய அதற்கான பரிசோதனையோ, ஹீட்டர் காயிலில் படியும் வெள்ளைப் பொருக்கோதான் சாட்சி. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைக் குளிக்கப் பயன்படுத்துகிற வீடுகளில், போர் தண்ணீரைவிடக் கடினமான தண்ணீர் தலையில் விழுகிறது.

பாட்டிலைப் போலவே பிளாஸ்டிக் டியூபையும் விட நினைப்பவர்கள் வாங்கும் பற்பசை மாத்திரைக்கு வந்தால் கடின நீர் ஒரு கேள்வியே இல்லை. கடித்து நொறுக்கி, நனைத்த பிரஷால் தேய்க்கும்போது வாயில் இருப்பது உமிழ்நீரும் சில சொட்டுத் தண்ணீரும்தான். பல்லில் காரை படிவதும் குழாய்த் தண்ணீரால் அல்ல, அந்தக் கால்சியம் உமிழ்நீரிலிருந்து வருகிறது. அழுக்கை எடுப்பது பெரும்பாலும் பிரஷ் வேலை என்பதால் சுத்தம் செய்வதில் மாத்திரை பின்தங்கக் காரணமில்லை. குறை வேறிடத்தில்: பல மாத்திரைகளில் ஃபுளோரைடு கிடையாது. 1000 பிபிஎம் அளவிலும் அதற்கு மேலும் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் சொத்தையைக் குறைக்கிறது என்பதைக் காக்ரேன் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு உறுதிப்படுத்தியது. இந்திய விதி பேஸ்டுக்கு வைத்திருக்கும் உச்சமும் அதே 1000தான். உறையில் சோடியம் ஃபுளோரைடு அல்லது சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்ற பெயரும் பிபிஎம் எண்ணும் இல்லாத மாத்திரையை, பேஸ்டுக்குச் சமம் என்று என்னால் ஏற்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் ஃபுளோரைடே வேண்டாம் என்று சிலர் வாதிடுவார்கள். பற்களில் பழுப்புக் கறை விழுவது பல் உருவாகும் வயதில் விழுங்குவதால். பெரியவர் தேய்த்துத் துப்புவதை அதோடு சேர்க்கக் கூடாது. குழந்தைக்குத்தான் மாத்திரை சிக்கல். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதன்பின் பட்டாணி அளவு என்று குறைத்து வைக்கலாம். மாத்திரையோ முழு அளவில் வருகிறது, உடைத்துக் கொடுத்தாலும் சரிபாதி கிடைக்காது, சின்னக் குழந்தை அதை மிட்டாய் என்று விழுங்கவும் செய்யும். குளியலறை ஈரத்தில் மாத்திரை நமுத்து உதிர்ந்துவிடுவதால், மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில், குழந்தை கைக்கு எட்டாத அலமாரியில் வைக்க வேண்டும்.